எல்லைக்கு வடக்கா, வடக்கு எல்லையா?

நெல்லிக்குப்பம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்தால் சொத்து விவரம் பெரும்பாலும் இந்தத் தோரணையில்தான் இருக்கும்: வாய்க்காலுக்குத் தெற்கு, தெருவுக்கு வடக்கு, கோயில் மனைக்குக் கிழக்கு, களத்துமேட்டுக்கு மேற்கு, இதன் மத்தியில் தென்வடல் 60 அடி, கிழமேல் 30 அடி. அக்கம்பக்கத்தை வைத்துக்கொண்டு மனை எங்கே இருக்கிறது என்று சொல்வது நம் பத்திர வழக்கம். ஆங்கிலப் பத்திரங்களின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. மனையில் நின்றுகொண்டு, வடக்கில் என்ன இருக்கிறது, தெற்கில் என்ன இருக்கிறது என்று அது எழுதும். ஆகவே ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்பது ஆங்கிலத்துக்குப் போகும்போது வடக்கு எல்லையில் வாய்க்கால் என்று மாற வேண்டும். அவசரத்தில் ‘தெற்கு: வாய்க்கால்’ என்று தட்டச்சு செய்துவிட்டால் மனை வாய்க்காலைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடும்.

சாதாரண விற்பனையில் இந்தப் பிழையை யாராவது பிடித்துவிடுவார்கள். வாங்குகிறவர் இடத்தைப் போய்ப் பார்க்கிறார், சர்வேயரை வைத்து அளக்கிறார். பிரிந்துபோகும் கணவனும் மனைவியும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் அப்படி யாரும் அளப்பதில்லை. வீடு இருவருக்கும் தெரிந்த வீடு, அதில் குடியிருந்திருக்கிறார்கள். அதனால் சொத்து விவரத்தைப் படிக்காமலே கையெழுத்து விழுகிறது.

ஓர் ஒப்பந்தத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் ஷரத்துகள் மட்டும் கற்பனையல்ல, கடலூரிலோ சிதம்பரத்திலோ இத்தகைய வழக்குகளைப் பார்த்தவர்களுக்குப் பழகியவைதான். கணவருக்குக் கடலூரில் வேலை. மனைவி நெல்லிக்குப்பத்துக்காரர். ஒரு பெண் குழந்தை. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மதத்தில் பிரிவதென்று முடிவாகிறது. நெல்லிக்குப்பம் வீடு மனைவிக்கு. ரொக்கம் 12 லட்சம் இரண்டு தவணைகளில். மனைவி கொடுத்த வரதட்சணைக் கொடுமைப் புகாருக்கு ஒரு முடிவு. குழந்தையைப் பார்க்கும் உரிமை. ஒப்பந்தத்தை வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். மனைவிக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும் என்பதால் ஒரு தமிழ்ப் பிரதி தயாராகிறது. பிறகு அந்தத் தமிழ்ப் பிரதியைப் பார்த்துத்தான் பத்திர எழுத்தர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கான செட்டில்மெண்ட் பத்திரத்தை எழுதப்போகிறார்.

அதாவது வீட்டின் எல்லைகள் மூலப்பத்திரத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், மீண்டும் தமிழுக்கு வருகின்றன. முதல் கை திசையைத் திருப்ப மறந்தால், இரண்டாம் கை தன் முன்னால் இருப்பதை நாணயமாகவே மொழிபெயர்த்தாலும் பிழை பத்திரமாகிவிடும். அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையே நிற்கும் என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. ஆகவே 60 அடியும் 30 அடியும் சரியாக இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள முடியாது. சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தை வைத்து, வாய்க்கால் மனையின் எந்தப் பக்கம் என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைவிட எளிய வழி, மூலப்பத்திரத்தின் சொத்து விவரத்தை எழுத்து மாறாமல் தமிழ்ப் பிரதியில் எடுத்தெழுதுவது. குழியையும் காணியையும் சென்ட்டாக்கித் தரும் உதவியும் வேண்டாம். மூலத்தில் காணி என்று இருந்தால் காணிதான்.

அடுத்த இடறல் ‘செட்டில்மெண்ட்’ என்ற சொல்லில். வழக்கறிஞர் அலுவலகத்தில் அதற்குச் சமரசம் என்று பொருள். பதிவு அலுவலகத்திலோ அது சொத்தைக் கைமாற்றும் ஒரு பத்திரத்தின் பெயர். ஒப்பந்தத்தில் ‘கணவர் செட்டில்மெண்ட் செய்ய வேண்டும்’ என்று இருப்பதை ‘இந்தச் சமரசத்தின்படி வீடு மனைவிக்குச் சேர்ந்தது’ என்று தமிழாக்கியவர், செய்ய வேண்டிய காரியத்தைச் செய்து முடித்த காரியமாக்கிவிடுகிறார். மனைவி வீடு தன் பெயருக்கு வந்துவிட்டது என்றே நினைத்திருப்பார். பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவு, சமரசத் தீர்ப்புகளுக்குப் பதிவிலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் வழக்கின் பொருளாக இல்லாத அசையாச் சொத்து அந்தச் சமரசத்தில் வந்தால் விலக்கு கிடையாது. விவாகரத்து மனு பொதுவாக வீட்டைப் பற்றிய வழக்கு அல்ல. ஆகவே தனியாக ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்யும்வரை, ஒப்பந்தம் அவருக்குக் கொடுத்திருப்பது வீட்டைக் கேட்கும் உரிமையைத்தான்.

அந்தப் பத்திரம் எப்போது எழுதப்பட வேண்டும் என்பதும் அற்பமல்ல. 13பி மனு தாக்கலான நாளிலிருந்து இரண்டாம் விசாரணைக்கு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. அது கட்டாயமில்லை, தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் சொன்னது. ஆங்கிலப் பிரதியில் ‘இரண்டாம் விசாரணைத் தேதியன்றோ அதற்கு முன்போ’ பத்திரம் பதிவாக வேண்டும் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பிரதி அதை ‘இரண்டாம் விசாரணை முடிந்ததும்’ என்று ஆக்குகிறது. காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், செலவில் அல்ல. தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. குடும்ப உறுப்பினர் அல்லாதவருக்கு எழுதினால் 7 சதவீதம். இரண்டாம் விசாரணையோடு தீர்ப்பு வந்துவிட்டால் அவர்கள் கணவனும் மனைவியும் அல்ல. வழிகாட்டி மதிப்பு 20 லட்சம் உள்ள வீட்டுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 1,40,000 ரூபாய் நிற்கும். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இருக்காது, ஏனென்றால் எழுதியபோது அப்படி ஒரு செலவு இருக்கவில்லை. பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனைவியின் கையில் இருக்கும் பிடி அது ஒன்றுதான். பத்திரம் தீர்ப்புக்குப் பின் என்று ஆனால், வீடு கைக்கு வருமுன்பே அந்தப் பிடி போய்விடுகிறது.

தமிழ் எழுவாயை விட்டுவிட்டும் அழகாக ஓடும் மொழி. பேச்சில் அது சுகம், ஒப்பந்தத்தில் வினை. ‘இனி ஜீவனாம்சம் எதுவும் கோருவதில்லை’ என்று எழுதினால் யார் கோருவதில்லை, யாருக்காகக் கோருவதில்லை? ஆங்கில மூலத்தில் மனைவி தன் சொந்த ஜீவனாம்சத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறார். குழந்தையைப் பற்றி அந்த ஷரத்தில் ஒரு சொல்கூட இல்லை. தமிழ்ப் பிரதியைப் படிக்கும் தாய், பத்து வருடம் கழித்து மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்கவும் தனக்கு வழியில்லை என்று நம்பிவிடுவார். குழந்தையின் பராமரிப்பு உரிமை தாய் விட்டுக்கொடுக்கக்கூடியதல்ல, ஆனால் அதைச் சொல்ல அப்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ‘அவர்’ என்ற மரியாதைச் சொல்லும் இப்படித்தான். ஆணா பெண்ணா என்று அது சொல்லாது. ‘அவர் அவருக்குத் தர வேண்டும்’ என்று எழுதியிருப்பதைப் படித்துத் தலையைச் சொறிந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் மனுதாரர், இரண்டாம் மனுதாரர் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் திரும்பத் திரும்ப எழுதுவது நடைக்கு அழகில்லைதான். எழுதித்தான் ஆக வேண்டும்.

சட்டம் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு வேறொரு சபலம் வரும். மனைவி எதிர்கால ஜீவனாம்சம் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் ஷரத்து செல்லாமல் போகலாம் என்று அவருக்குத் தெரியும். நாகேந்திரப்பா நாட்டிகர் வழக்கில் 8,000 ரூபாயை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு இனி கேட்பதில்லை என்று எழுதிக்கொடுத்திருந்த மனைவி, பிறகு தனியாக வழக்குப் போட்டார். அந்த ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு விரோதமானது, அவர் வழக்குப் போடலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக அந்த ஷரத்தைத் தமிழில் மென்மையாக்கிவிட முடியாது. செல்லுமா செல்லாதா என்பது நீதிபதியின் வேலை. கையெழுத்துப் போடுகிறவருக்கு, தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது அதே கடுமையோடு தெரிய வேண்டும். ஷரத்து நியாயமில்லை என்று தோன்றினால் மொழிபெயர்ப்பாளர் தனித்தாளில் குறிப்பு எழுதி வழக்கறிஞரிடம் கொடுக்கலாம். மூலம் இரண்டு பொருள் தரும்படி இருந்தாலும் அதே வழிதான். ஒரு பொருளைத் தானே தேர்ந்தெடுப்பது மூன்றாம் ஆள் ஒருவர் ஒப்பந்தத்தைத் திருத்துவதற்குச் சமம்.

புகார் பற்றிய ஷரத்தில் தமிழின் பழகிய சொல்லே காலை வாரும். ‘பணத்தைப் பெற்றுக்கொண்டு வழக்கை வாபஸ் வாங்க வேண்டும்’ என்று எல்லோரும் சொல்கிறோம். பழைய 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர் தானாக வாபஸ் வாங்கக்கூடிய குற்றம் அல்ல. வழக்கை ரத்து செய்யக் கணவர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். மனைவி ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் தருவார். ஆங்கில மூலத்தில் ‘ரத்து மனுவுக்கு ஒத்துழைக்க வேண்டும்’ என்று இருப்பது தமிழில் ‘வாபஸ் வாங்க வேண்டும்’ என்று ஆனால், அவரால் செய்யவே முடியாத காரியம் அவர் தலையில் ஏறுகிறது. செய்யவில்லை என்றால் ஒப்பந்தத்தை மீறியவர் அவர். மனு போட வேண்டிய கணவரின் கடமையோ தாளிலிருந்து காணாமல் போகிறது. ‘பெற்றுக்கொண்டு’ என்பதிலும் ஒரு கண் வேண்டும். பணம் வந்த பின்பா, வரும்போதா? மூலத்தில் ‘இரண்டாம் தவணை வரைவோலை கைக்கு வந்த 15 நாட்களுக்குள்’ என்று இருந்தால் தமிழிலும் வரைவோலை, கைக்கு வந்தது, 15 நாள் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

குழந்தையைப் பார்க்கும் ஷரத்தில் சோதனை எளிது. தந்தை இரண்டாம் ஞாயிறுகளில் ‘பார்க்கலாம்’, தாய் அன்று குழந்தையை ‘அழைத்து வர வேண்டும்’. ஒன்று உரிமை, மற்றது கடமை. இரண்டு பிரதிகளையும் இரண்டு பேர் வைத்துக்கொண்டு, ஒருவர் தமிழை உரக்கப் படிக்க, மற்றவர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடு போட்டு, யார் செய்கிறார், செய்ய வேண்டுமா செய்யலாமா, எதற்குப் பின் என்று கேட்டுக்கொண்டே போனால் மேலே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு மணி நேரத்திலேயே அகப்பட்டுவிடும்.

ஆனால் இந்த ஒப்பந்தங்களை ஏன் முதலில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக்கூடக் கொடுக்கவில்லை. தரப்பினர் தாமே வந்து பேசுவார்கள் என்பதுதான் அதன் எதிர்பார்ப்பு. பதிவு அலுவலகத்திலும் பத்திரம் தமிழில்தான் எழுதப்படப்போகிறது. இத்தனைக்கும் நடுவில் ஆங்கிலம் இருப்பதற்குக் காரணம், அலுவலகக் கணினியில் பழைய ஒப்பந்தத்தின் மாதிரி ஆங்கிலத்தில் இருப்பதுதான். தமிழில் எழுதி, தமிழில் கையெழுத்து வாங்கட்டும். கணவர் வெளிநாட்டில் இருந்து ஆங்கிலப் பிரதி தேவைப்பட்டால் அது மொழிபெயர்ப்பாக இருக்கட்டும். இரண்டும் முரண்பட்டால் தமிழே செல்லும் என்ற ஒரு வரியைக் கடைசி ஷரத்தாகச் சேர்க்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், பிழையின் சுமை ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்தவர் பக்கம் போகும். சரிபார்க்கும் வசதி இருப்பவர் அவர்தானே.