முதலில் வளையத்தைப் பாருங்கள்

பிறந்தநாள் ஆல்பத்துக்குப் பிள்ளையை விண்வெளி வீரராக்கித் தரச் சொல்லும் வேலை இன்று எல்லா ஸ்டூடியோவுக்கும் வருகிறது. முகத்தை வெட்டி எடுப்பதிலும் தோல் நிறத்தைச் சரிக்கட்டுவதிலும் நம் டிசைனர்கள் கைதேர்ந்தவர்கள். அப்படியும் பல படங்களில் தலை உடைக்குள் இல்லை, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் நேரம் போகிறதே தவிர, கோளாறு இருக்கும் இடத்தை யாரும் தொடுவதில்லை. அது பெரும்பாலும் கழுத்து வளையம்.

ஹெல்மெட் பூட்டும் அந்த உலோக வளையம் நிஜத்தில் வட்டம், படத்தில் நீள்வட்டம். அதன் முன்விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, பின்பக்க உள்விளிம்பும் தெரிந்தால், கேமரா வளையத்துக்கு மேலே இருந்திருக்கிறது. முன்விளிம்பு மேல்நோக்கி வில்லாக வளைந்து உள்பக்கத்தை மறைத்தால், கேமரா கீழே. வளையம் சில உடைகளில் முன்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும் என்பதால் மார்பிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பாருங்கள். அதன் மேற்பரப்பு தெரிகிறதா என்பது சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

முகமும் இதே கணக்கைச் சொல்கிறது. மேலிருந்து எடுத்த முகத்தில் மூக்கு நுனி உதட்டை நெருங்கும், தாடை சிறுக்கும், காது கண்மட்டத்துக்கு மேலே ஏறும். கீழிருந்து எடுத்ததில் மூக்குத் துவாரம் தெரியும், காது இறங்கும்.

ஆறு வயதுப் பையன் ஒருவனின் படத்தை வைத்துப் பார்ப்போம். அப்பா நின்றபடி, கை நீட்டும் தூரத்தில், செல்போனில் எடுத்தது. டெம்ப்ளேட்டோ மார்பு மட்டத்தில், தள்ளி நின்று எடுத்த வெள்ளை உடை. பையனின் நெற்றி அகன்று, மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்திருக்கிறது. கேமரா அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் வந்த விளைவு இது. சின்னதாக்கினாலும் Warp செய்தாலும் மறையாது. மேலிருந்து, இதேபோல் கிட்டத்தில் எடுத்த வேறு டெம்ப்ளேட்டைத் தேடுவதோ, வேறு படம் கேட்பதோதான் வழி. அதேசமயம் முகம் இடமோ வலமோ கொஞ்சம் திரும்பியிருந்தால் கவலை வேண்டாம். அப்பல்லோ வீரர்களின் கண்ணாடிக் குமிழ் ஹெல்மெட் வளையத்தோடு அசையாமல் நிற்கும், தலைதான் உள்ளே திரும்பும்.

கோணம் பொருந்திவிட்டால் அளவு சுலபம். டெம்ப்ளேட்டில் இருக்கும் ஆளை அழிக்கும் முன் அவருடைய கண்மட்டத்துக்கும் முகவாய்க்கும் கைடு கோடு போட்டுவிடுங்கள். அழித்த பிறகு ஊகம்தான். வீரர்கள் ஹெல்மெட்டுக்குள் அணியும் துணிக் குல்லாய் முடியையும் காதையும் மூடிவிடும். அதை அப்படியே வைத்துக்கொண்டு அதன் வாய்க்குள் முகத்தை மட்டும் இறக்கினால் முடி வெட்டும் தொல்லையும் இல்லை.

ஹெல்மெட்டை இரண்டாகப் பிரியுங்கள். உட்புறமும் வளையத்தின் பின்பாதியும் அடி லேயர், நடுவில் தலை, வளையத்தின் முன்பாதியும் கண்ணாடியும் மேலே. கழுத்து, வளையத்தைத் தொடாது; இடைவெளி இருக்கும். அங்கே இறங்க இறங்க இருள வேண்டும். Multiply லேயரில் சுத்தக் கறுப்பைப் பூசினால் ஓட்டை போலத் தெரியும். உடையின் மடிப்பு நிழலிலிருந்து நிறம் எடுங்கள். கண்ணாடிக்கு, டெம்ப்ளேட்டின் ஒளிக்கீற்றுகளை மட்டும் தனி லேயரில் எடுத்து, மற்ற இடத்தைக் கறுப்பாக்கி Screen முறையில் முகத்துக்கு மேல் வையுங்கள். நெற்றியிலும் கன்னத்திலும் ஒரு மெல்லிய கீற்று விழுந்தால்தான் முகம் கண்ணாடிக்கு உள்ளே போகும்.

1969-இல் நிலவில் ஆம்ஸ்ட்ராங் எடுத்த ஆல்ட்ரினின் படத்தைக் காட்டி, அதேபோல் வேண்டும் என்பவர்கள் உண்டு. தங்கப்பூச்சு முகத்திரை இறங்கியிருக்கும் அந்தப் படத்தில் முகமே இல்லை; தெரிவது எதிரே நிற்பதன் பிரதிபலிப்பு. தங்கத்தைப் பாதி மங்கலாக்கி முகத்தைக் காட்டும் சமரசத்தை நான் ஏற்கமாட்டேன். திரையை ஏற்றிய டெம்ப்ளேட்டைக் காட்டிப் பேசி முடியுங்கள்.

விண்வெளி உடைக்குப் பதில் அரசவை உடை கேட்டால் கணக்கு கொஞ்சம் மாறும். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவையின் வெள்ளை மடிப்புக் காலர் கழுத்தை முழுதாக மறைத்து முகவாய் வரை வரும். அது வெளிச்சத்தை மேலே திருப்பியடிப்பதால் தாடைக்கு அடியில் கருநிழல் இருக்காது. வீட்டு மேல்விளக்கில் எடுத்த படங்களிலோ அங்கேதான் கருத்திருக்கும். Curves-இல் அந்தப் பகுதியை மட்டும் தூக்குங்கள். தாடையின் நிழல் காலரில் நேர்கோடாக விழக்கூடாது, ஒவ்வொரு மடிப்பிலும் ஏறி இறங்க வேண்டும்.

இந்தச் சரிக்கட்டல்களில் பாதி, படம் வாங்கும்போதே தவிர்க்கக்கூடியவை. ஆர்டர் எடுத்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்: இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து, கேமராவை நாங்கள் சொல்லும் உயரத்தில் பிடித்து, ஜன்னல் பக்க வெளிச்சத்தில் எடுக்கவும். எந்த உயரம் என்பதை டெம்ப்ளேட்டின் வளையத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.