'பழகிப்போச்சு' என்ற ஒரு சொல்

நேர்காணல் ஆய்வில் மக்கள் சொன்னதற்கும் ஆய்வாளர் எழுதும் முடிவுக்கும் நடுவே நிற்பது குறியிடல். ஒலிப்பதிவு முதலில் எழுத்துப்படியாகிறது. பிறகு அதன் ஒவ்வொரு பகுதிக்கும் 'கூலி', 'பயணம்', 'உடல்நலம்' என்பது போன்ற குறியீடு இடப்படுகிறது. ஒத்த குறியீடுகள் சேர்ந்து ஒரு கருப்பொருளாகின்றன. வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் ஆறு கட்டங்களாக வகுத்துத் தந்த முறை இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஆனால் அறிக்கையைப் படிப்பவர் கண்ணில் படுபவை கருப்பொருளும் அதன் கீழே வரும் ஓரிரு மேற்கோள்களும் மட்டுமே. அந்த மேற்கோள் முடிவைத் தாங்குகிறதா என்பதைச் சில கேள்விகளால் சோதிக்கலாம்.

கம்பம், கூடலூர்ப் பகுதிப் பெண்கள் பலர் விடியலில் ஜீப் ஏறி மலைக்கு மேலே இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் 20 பேரிடம் நேர்காணல் நடத்திய ஓர் ஆய்வு கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'பயணச் சிரமத்தைப் பெண்கள் ஏற்றுக்கொண்டுவிட்டனர்' என்பது அதன் கருப்பொருள். அதற்குக் காட்டும் சான்று ஒரு வரி: "இருபது வருசமாச்சு, பழகிப்போச்சு."

முதல் கேள்வி, இந்த வரி எங்கே வெட்டப்பட்டது என்பது. எழுத்துப்படியில் அது இப்படி இருக்கலாம்: "ஜீப்புல நெருக்கியடிச்சு உக்காரணும். எறங்குறப்ப காலு மரத்துப்போகும். இருபது வருசமாச்சு, பழகிப்போச்சு. எம்புள்ளைய இந்த வேலைக்கு அனுப்ப மாட்டேன்." கடைசி வாக்கியம் சேர்ந்ததும் 'ஏற்பு' என்ற குறியீடு நிற்காது. 'சகிப்பு' என்பதே பொருந்தும். பிள்ளையைப் பற்றிய வாக்கியம் தனித் துண்டாகி, 'குழந்தைகளின் எதிர்காலம்' என்ற வேறொரு குறியீட்டின் கீழ் போயிருக்கக்கூடும். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லாமலே, துண்டாக்கும் முறையே பொருளை மாற்றிவிடுகிறது.

இரண்டாவது, அந்தப் பதிலுக்கு முன்னால் என்ன கேட்கப்பட்டது? "இத்தனை வருசம் போறீங்களே, பழகியிருக்குமே?" என்று கேட்டிருந்தால் 'பழகிப்போச்சு' என்பது கேட்டவரின் சொல்லையே திருப்பிச் சொன்னதாகும். "காலையில கிளம்புறதுல இருந்து சொல்லுங்க" என்று கேட்டபோது தானாக வந்திருந்தால் அதன் எடை கூடுதல். மேற்கோளை மட்டும் அச்சிட்டுக் கேள்வியை விட்டுவிடும் அறிக்கையில் இந்த வேறுபாடு தெரியாது.

மூன்றாவது, மொழி. பழக்கம், அலுப்பு, வேறு வழியின்மை எல்லாம் 'பழகிப்போச்சு' என்ற சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக் குறியிட்டால் மொழிபெயர்த்தவர் தேர்ந்த ஒரு பொருளே மிஞ்சும். கம்பம் பள்ளத்தாக்கின் பிரமலைக் கள்ளர்களைப் பற்றி ஆனந்த் பாண்டியன் எழுதி 2009இல் வெளியான 'குரூக்கட் ஸ்டாக்ஸ்' குறியீட்டு எண்ணிக்கையை நம்பும் நூல் அல்ல. பயிர்த்தொழிலை ஒட்டிய பேச்சில் ஒழுக்கம் எப்படிச் சொல்லப்படுகிறது என்று பார்க்கும் நூல். அத்தகைய வாதத்துக்குத் தமிழ்ச் சொல்லே சான்று. மூலச் சொல் போனால் வாதமும் போய்விடும்.

இருவர் தனித்தனியே குறியிட்டு ஒப்பிட்டோம் என்று சில ஆய்வுகள் சொல்லும். 100 பகுதிகளில் 'ஏற்பு' உண்டு என்று இருவரும் சொன்னவை 10, இல்லை என்று இருவரும் சொன்னவை 80, கருத்து மாறுபட்டவை ஆளுக்கு 5 என்று கொள்வோம். ஒற்றுமை 90 விழுக்காடு. ஆனால் குறியீடு அரிதாக வருவதால், தற்செயலாகவே 74.5 விழுக்காடு ஒத்துப்போகும். அதைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா அளவு ஏறத்தாழ 0.61 மட்டுமே. இந்த அளவு உயர்ந்தாலும் குறியீடு சரி என்றாகிவிடாது. இருவரும் ஒரே பிழையான விளக்கத்தைப் பின்பற்றியிருக்கலாம். விளக்கத்தையே மையமாகக் கொண்ட தங்கள் முறைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பது பிரவுன், கிளார்க் இருவரின் நிலைப்பாடு. எனவே எண்ணைவிட, 'ஏற்பு' என்பதற்கு எழுதிவைத்த வரையறையையும் அதில் சேராதவை எவை என்ற குறிப்பையும் பார்ப்பது பயன் தரும்.

கடைசிக் கேள்வி, மேற்கோள்கள் யாருடையவை என்பது. 2007இல் வந்த கோரெக் என்னும் 32 அம்சப் பட்டியல், ஒவ்வொரு மேற்கோளுக்கும் பேசியவரின் எண்ணைக் குறிக்கச் சொல்கிறது. அப்படிக் குறித்தால், ஓர் அறிக்கையின் ஆறு மேற்கோளில் நான்கு ஒரே பெண்ணுடையவை என்றால் அது உடனே தெரிந்துவிடும். பயணம் பிடிக்காமல் வேலையை விட்டவர் 20 பேரில் இருக்கிறாரா, அவர் சொன்னது அறிக்கையில் எங்கே இருக்கிறது என்றும் தேட வேண்டும். வேலையில் தொடர்பவர்களை மட்டும் நேர்கண்டிருந்தால் 'ஏற்பு' என்ற முடிவு ஆள்தேர்விலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது.

இத்தனையும் சரியாக இருந்தாலும், பள்ளத்தாக்கில் எத்தனை விழுக்காட்டுப் பெண்கள் அப்படி நினைக்கிறார்கள் என்பதை 20 நேர்காணல்கள் சொல்லா. எத்தனை விதமாக நினைக்கிறார்கள் என்பதையே சொல்லும். 'பழகிவிட்டதாகச் சொல்பவர்களில் சிலர், அதே வேலை தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்கிறார்கள்' என்று எழுதினால், முழு எழுத்துப்படி அதைத் தாங்கும்.