சராசரி போட்டால் தீராது

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகள் ஆசிரியர் அறை மேசையில் குவியும் நேரம் இது. தமிழாசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். பெற்றோரும் படிக்கலாம்.

பத்தாம் வகுப்புத் தமிழில் குறிப்புகளைக் கொண்டு எழுதும் பொதுக்கட்டுரைக்கு 8 மதிப்பெண். ஒரு பள்ளியில் நான்கு பிரிவு இருந்தால், திருத்துவதும் நான்கு பேர். ஒருவர் தாராளம், இன்னொருவர் கறார். நம் சேலம், நாமக்கல் பக்கம் சில பள்ளிகளில் இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிரிவு மாற்றுகிறார்கள். அப்போது பிள்ளை என்ன எழுதினான் என்பதைவிட, கட்டு யார் கைக்குப் போனது என்பது பெரிதாகிவிடுகிறது.

இதைச் சரிசெய்யச் சில பள்ளிகள் ஒரே கட்டுரையை நகலெடுத்து எல்லா ஆசிரியருக்கும் கொடுத்துத் திருத்தச் சொல்கின்றன. நல்ல வழக்கம். ஆனால் கடைசியில் அறிக்கையில் எழுதுவது ஒரே வரி: “வேறுபாடு இருந்ததால் சராசரி எடுக்கப்பட்டது.” இது தவறு என்பது என் கருத்து. ஏன் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. பழக்கங்கள் நம் எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

தலைப்பு ‘எங்கள் ஊர் ஏரி’. குறிப்புகள் நான்கு: அமைவிடம், பயன்கள், இன்றைய நிலை, காக்கும் வழி. பனமரத்துப்பட்டிப் பக்கமோ தூசூர்ப் பக்கமோ ஏரியைப் பார்த்தே வளர்ந்த ஒரு பிள்ளை எழுதுகிறது. மதகு எங்கே இருக்கிறது, எந்த மாதம் தண்ணீர் வரும், கரையில் குப்பை எப்படி வந்தது என்று கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறது. உட்தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை. ‘ஏரி’ என்ற சொல்லை ஆறு இடத்திலும் ‘ஏறி’ என்று எழுதிவிட்டது.

நான்கு ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண் 7, 5, 6, 3. சராசரி ஐந்தேகால். இத்துடன் எழுந்துபோனால் யார் எதற்குக் குறைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த தேர்விலும் இதே கதைதான்.

எழுந்துபோகாமல் உட்கார்ந்து காரணம் கேட்கலாம். 3 போட்டவர் பிழைக்கு அரை மதிப்பெண் வீதம் ஆறு ‘ஏறி’க்கு 3 குறைத்திருக்கிறார். அவர் கணக்கிலும் கட்டுரையின் தரம் 6-தான். 5 போட்டவர் மேற்கோளுக்கென்று மனத்தில் 1 மதிப்பெண் ஒதுக்கி வைத்திருக்கிறார். வினாவில் மேற்கோள் கேட்கவே இல்லை. 7 போட்டவர் முடிவுரை ஒரே வரியாக இருந்தும் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். உட்தலைப்பு இல்லாததற்கும் குறைக்கவில்லை.

இப்போது பேசி ஒரு பங்கீடு எழுதுகிறார்கள். முன்னுரை 1, குறிப்புக்கு ஒன்றாகப் பொருள் 4, அமைப்பு 1, மொழிநடையும் பிழையின்மையும் 1, முடிவுரை 1. கூடவே இரண்டு விதி. ஒரே சொல் எத்தனை முறை பிழையாக வந்தாலும் ஒரு பிழைதான். பிழைக்காக மொத்தம் 1 மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்கக்கூடாது. மேற்கோளுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. இதன்படி இந்தக் கட்டுரைக்கு முன்னுரை 1, பொருள் மூன்றரை (காக்கும் வழி அரைகுறையாக இருக்கிறது), அமைப்பு அரை, மொழி அரை, முடிவுரை அரை. மொத்தம் 6. சராசரி இந்தப் பிள்ளைக்கு முக்கால் மதிப்பெண்ணை விழுங்கியிருக்கும். அதைவிட முக்கியம், இந்த 6-க்கு இப்போது காரணம் இருக்கிறது. பெற்றோர் கேட்டால் சொல்லலாம்.

இனி அடுத்த சிக்கல். ஒரு கட்டுரையை மட்டும் பார்த்து “இவர் கறார்” என்று முடிவுகட்டக்கூடாது. ஆறு கட்டுரையாவது பார்க்க வேண்டும். பேசி முடிவான மதிப்பெண்கள் 6, 4, 7, 5, 3, 6 என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள் ஆசிரியர் முதலில் போட்டிருந்தவை 5, 3, 6, 4, 2, 5. பிழை ஆசிரியர் போட்டிருந்தவை 3, 4, 7, 2, 3, 6. கூட்டிப் பார்த்தால் இருவரும் சராசரியாக 1 மதிப்பெண் குறைவு. அறிக்கையில் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

ஆனால் ஒரே மாதிரி அல்ல. மேற்கோள் ஆசிரியர் எல்லாருக்கும் சீராக 1 குறைத்திருக்கிறார். அவர் பிரிவுக்கு 1 கூட்டினால் கணக்கு நேராகிவிடும்; மேற்கோள் எழுதி அந்த ஒன்றை ஏற்கெனவே வாங்கிய பிள்ளை இருந்தால் அந்தத் தாளை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். பிழை ஆசிரியரோ நான்கு பேருக்குச் சரியாகப் போட்டு, இரண்டு பேருக்கு மும்மூன்று குறைத்திருக்கிறார். அவர் பிரிவுக்கும் 1 கூட்டினால் என்ன ஆகும்? 6 வாங்க வேண்டிய பிள்ளை 4-லேயே நிற்கும். சரியாக வாங்கிய நான்கு பேருக்குச் சும்மா ஒன்று கிடைக்கும். அநியாயம் கூடுமே தவிரக் குறையாது. அந்தக் கட்டில் கட்டுரை வினாவை மட்டும் மறுபடி திருத்துவதே வழி. நாற்பது தாள் என்றால் ஒரு மாலை வேலை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2007 ஜனவரியில் சஞ்சய் சிங் எதிர் உத்தரப்பிரதேச அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. ஒரே பாடத்தைப் பலர் திருத்தும்போது தலைமைத் தேர்வாளர் முதலில் எல்லாரையும் கூட்டி அளவுகோலைப் பேசி முடிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொருவர் திருத்திய தாள்களிலும் சிலவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் சீராகக் கறார் அல்லது சீராகத் தாராளம் என்றால் கூட்டிக் குறைக்கலாம். ஏறுக்குமாறாகத் திருத்தியிருந்தால் மறுபடி திருத்தத்தான் வேண்டும். நீதிபதி வேலைக்கான தேர்வுக்குச் சொன்னது நம் காலாண்டுத் தேர்வுக்கும் பொருந்தும்.

நடைமுறையில் கெடுவது ஓர் இடத்தில்தான். மூத்த ஆசிரியர் “இதுக்கு ஆறு போடலாம்ப்பா” என்று வாய்திறந்துவிட்டால் இளையவர்கள் எல்லாரும் ஆறுக்கு வந்துவிடுவார்கள். வேறுபாடு ஒழியவில்லை, ஒளிந்துகொண்டது. அதனால் பெயரும் சிவப்பு மையும் இல்லாத நகலை ஆளுக்கொன்று கொடுங்கள். தனித்தனியாகத் திருத்தி, மதிப்பெண்ணோடு காரணத்தையும் எழுதி உறையில் போட்டுக் கொடுக்கட்டும். பேச்சு அதற்குப் பிறகு. காரணம் சொல்லும்போது பணியில் புதியவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில்.

அறிக்கை ஒரு பக்கம் போதும். பேசுவதற்கு முன் போட்ட மதிப்பெண், காரணம், முடிவான விதி, எந்தக் கட்டுக்குக் கூட்டல், எந்தக் கட்டுக்கு மறுதிருத்தம். முடிந்ததும் புதிய கட்டுரை ஒன்றை நால்வருக்கும் கொடுத்துப் பாருங்கள். 8-க்கு 1 மதிப்பெண் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். கட்டுரை என்பது கணக்கு வினா அல்ல, அந்த அளவு இருக்கத்தான் செய்யும். 2-க்கு மேல் போனால் விதியில் ஏதோ ஒரு சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

“இதுக்கெல்லாம் நேரம் எங்க சார்?” என்று கேட்பீர்கள். கட்டுப் பிரிப்பதற்கு முன் இதைச் செய்தால் மறுதிருத்தமே அநேகமாக வராது. உங்கள் பள்ளியில் எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒரே சொல் பத்து இடத்தில் பிழையானால் நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.