பெட்டி வாசலில் 240, நம்ம மோட்டாருக்கு 228!



நம்ம லைனில் வோல்டேஜ் ரெகுலேட்டர் வைத்தும் மோட்டார் காயில் கருகுவது நிற்கவில்லை. நாங்களே மீட்டர் வைத்துப் பார்த்தோம். மோட்டார்கள் ஓடும்போது பெட்டிக்குப் பக்கத்தில் 240 வோல்ட், நடு லைனில் 228.

'பெட்டி சரியாத்தான் வேலை செய்யுது' என்கிறார்கள். உண்மைதான், அது தன் வாசலில் மட்டும் 240 வைத்திருக்கிறது! வழியில் குறைவதை ஈடுகட்டும் ஆர், எக்ஸ் என்ற இரண்டு செட்டிங்கும் பூஜ்யத்தில் கிடக்கிறது. அவற்றை வைத்தால் லோடு ஏற ஏற பெட்டி தானே வோல்டேஜை ஏற்றும், மோட்டார் நின்றால் இறக்கும். பொத்தாம் பொதுவாக 252-க்கு ஏற்றிவிட்டால் ராத்திரியும் அப்படியே நிற்கும், பக்கத்து வீட்டு பல்பு தாங்காது.

'குறைவது 12, அதனால் 12 வைக்கிறோம்' என்றால் ஏமாறாதீர்கள். செட்டிங் என்பது பெட்டியின் சி.டி. முழு அளவான 100 ஆம்பியருக்கு. நம்ம லைன் உச்சத்திலும் 50-தான் இழுக்கிறது. 12 வைத்தால் 6-தான் ஏறும், நடுவில் 234. நம்ம 240 வோல்ட் கணக்கில் 24-க்குச் சமமாக ஆர், எக்ஸைப் பிரித்து வைக்கணும். பெட்டி வாசலில் 254-ஐத் தாண்டாதபடி உச்சவரம்பும் போடணும்.

கடைசி மோட்டாருக்கு அப்போதும் கொஞ்சம் குறையும், அதற்குக் கம்பியைத்தான் தடிமனாக மாற்றணும். செட்டிங் வைத்த அன்றே மோட்டார்களை ஓடவிட்டு, பெட்டியடி, நடு, கடைசி மூன்றிலும் எங்கள் முன்னால் அளந்து காட்டு!