ஒரே காப்பு, மூன்று நாட்டுச் சட்டம்

ஆரையம்பதியில் உறவுக்காரப் பெண் ஒருவர், மகளின் படிப்புச் செலவுக்காகத் தன் கலியாணக் காப்புகளை விற்றார். கடையில் இருந்து வந்ததும் அவர் கேட்ட கேள்வி இது: "வாங்கின விலையை விடப் பலமடங்கு கிடைச்சிருக்கு. இதுக்கும் வரி கட்டணுமா தம்பி?"

இரண்டு இலட்சத்துக்கு வாங்கியது, பத்து இலட்சத்துக்கு விலைபோனதாக வைத்துக்கொள்வோம். இலாபம் எட்டு இலட்சம்.

இலங்கையில் இதற்கு மூலதன ஆதாய வரி இல்லை. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம், மூலதனச் சொத்து எது என்று பட்டியல் போடுகிறது. காணி, கட்டடம், கம்பனிப் பங்கு, பிணையங்கள், ஏனைய நிதிச் சொத்துகள் அதில் உள்ளன. வீட்டு நகை இல்லை. ஆனால் அதே தங்கத்தை நம்பி ஒரு நிதியத்தின் அலகுகளை வாங்கினால், அது நிதிச் சொத்தாகிவிடும். தனிநபருக்கான ஆதாய வரி 2025 ஏப்ரலில் 10 வீதத்தில் இருந்து 15 வீதமாக உயர்த்தப்பட்டது. நகையைத் திரும்பத் திரும்ப வாங்கி விற்பவருக்கும் சலுகை இல்லை. அது வியாபார வருமானம்.

இதே பெண் சென்னையில் வசித்திருந்தால் கதை வேறு. இந்தியச் சட்டம் சொந்தப் பாவனைப் பொருட்களுக்கு விலக்களிக்கிறது, ஆனால் நகையை அந்த விலக்கில் இருந்து பெயர் சொல்லியே நீக்கியிருக்கிறது. சேமிப்பின் பெரும்பகுதியை நகையாகவே வைத்திருக்கும் நாட்டில், அதைப் பாவனைப் பொருள் என்று விட்டால் பெரும் செல்வம் வரிக்கு அகப்படாது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 வீதம், எட்டு இலட்சத்தில் ஒரு இலட்சம் போய்விடும்.

லண்டனில் இருக்கும் தங்கைக்கு வேறொரு கணக்கு. பிரித்தானியாவில் ஒரு பொருள் 6,000 பவுண்ட்ஸுக்கு மேற்படாமல் விலைபோனால் ஆதாய வரி இல்லை. காப்புச் சோடியைப் பிரித்து ஒரே ஆளுக்கு விற்றாலும் ஒரே பொருளாகவே கணக்கிடுவார்கள். ஆனால் 1837 இற்குப் பின் அச்சான சவரன் நாணயம் எத்தனை விற்றாலும் இந்த வரி கிடையாது. அது இன்றும் சட்டபூர்வ நாணயம், நாணயத்துக்கு ஆதாய வரி இல்லை. நாம் எட்டுக் கிராமைப் பவுண் என்பதே அந்தக் காசின் நினைவுதான். அங்கும் தங்க நிதிய அலகுக்கு இந்த விலக்கு இல்லை. வருடாந்த ஆதாயம் 3,000 பவுண்ட்ஸைத் தாண்டினால் வரி.

ஆக, வரியைத் தீர்மானிப்பது தங்கம் அல்ல. அதைச் சட்டம் நகையாகப் பார்க்கிறதா, காசாகப் பார்க்கிறதா, முதலீடாகப் பார்க்கிறதா என்பதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நகை கொடுக்கும்போது பற்றுச்சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். இந்தியாவில் விற்கும் நாளில், எவ்வளவு இலாபம் என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும்; பிரித்தானியாவில் நகையைக் கொடுத்த நாளின் சந்தை மதிப்பில் இருந்தே இலாபத்தைக் கணக்கிடுவார்கள்.