கொய்யா மரத்துக்கு எந்த வலை?

டில்லியில் எங்கள் ரயில்வே குடியிருப்பின் பின்புறம் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. மழைக்காலக் காய் முற்றத் தொடங்கியதும் விடியற்காலையில் கிளிக் கூட்டம் வரும். இருட்டினால் வௌவால் வரும். மரத்தடியில் பாதி கடித்துப் போட்ட காய் கிடந்தால் அது கிளியின் வேலை. பிழிந்து துப்பிய சக்கை கிடந்தால் வௌவால் வந்து போயிருக்கிறது.

சென்ற ஆண்டு கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த தங்கூசி வலையை வாங்கி மரத்தின் மேல் போர்த்தினேன். மூன்றாம் நாள் காலை ஒரு வௌவால் அதில் சிக்கித் தொங்கியது. வலையை வெட்டி எடுத்தும் இறக்கை கிழிந்து போனதால் அது பிழைக்கவில்லை. பழமாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. வலையோடு ஒட்டியிருந்த காய்களைக் கிளிகள் வெளியே இருந்தபடியே தின்றுவிட்டன.

தவறு என்னுடையதுதான். தங்கூசி இழை இரவில் கண்ணுக்குத் தெரியாது. அதன் பெரிய கண்களில் வௌவாலின் விரல் நகம் மாட்டும்; உதற உதற இழை இறுகி, மெல்லிய தோல் இறக்கையை அறுக்கும். கிளிக்குக் காலும் கழுத்தும் மாட்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல் வீட்டுப் பழமரங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. வலையை இழுத்துப் பிடித்தாலும் அதன் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. விரலை விட்டுப் பாருங்கள். நுழைந்தால் அந்த வலை வேண்டாம். நமக்கும் இது நல்ல அளவுகோல்.

இவ்வாண்டு வெள்ளை நிறப் பின்னல் வலையாகப் பார்த்து வாங்கினேன். வெள்ளை இருட்டிலும் தெரியும். நான்கு மூங்கில் நட்டு, கிளைகளுக்கு ஓர் அடி தள்ளி வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். அடியில் இடைவெளி விடாமல் கல் வைத்தேன். பூக்கும்போது தேனீ வரவேண்டும். ஆகவே காய் எலுமிச்சை அளவு ஆன பிறகே கட்டினேன். கிளி வலையையும் கடிக்கும். தினமும் சுற்றி வந்து ஓட்டை இருந்தால் தைக்கவேண்டும். அறுவடை முடிந்ததும் கழற்றி மடித்து வைக்கவேண்டும்.

இவ்வளவு செலவு முடியாதவர்கள் பழைய கொசுவலையைப் பை போலத் தைத்து, காய்த்த கிளைகளுக்கு மட்டும் மாட்டிக் கட்டலாம். உச்சிக் கிளைக் காய்கள் அவற்றுக்கே போகட்டும்.

எதுவாவது சிக்கிவிட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். வௌவால் கடியால் நோய் வரக்கூடும். கனத்த துணியைப் போர்த்திவிட்டு வனவிலங்கு மீட்பாளர்களைக் கூப்பிடுங்கள். கடிபட்ட பழத்தை நறுக்கி மிச்சத்தைத் தின்னவும் வேண்டாம்.

1972 வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலைத் தீங்குப் பிராணிகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, நம் கடைத்தெருவில் தங்கூசி வலை மட்டும் இன்னும் தொங்குகிறது. அதை நாம் வாங்காமல் இருந்தாலே போதும்.