சாமியிடம் சண்டை போடலாம்

எங்கள் பரளச்சிப் பக்கத்தில் ஒரு கோயில் விழா மலருக்குக் கவிதை கேட்டார்கள். அப்போது என் வீட்டுக்காரி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மனதில் கிடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரண்டே நாளில் தாள் திரும்பி வந்தது. "அண்ணாச்சி, சாமியைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்கு. கடைசியிலயாவது எல்லாம் உன் அருள்னு நாலு வரி சேர்த்துக் குடுங்க" என்றார்கள். நானும் சேர்த்துக் கொடுத்தேன். அச்சிலும் வந்துவிட்டது. அந்த நாலு வரியைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அவை பொய்.

சாமியைக் கேள்வி கேட்பது பக்தி ஆகாது என்கிறவர்களிடம் நான் கேட்கிறேன். பக்கத்துத் திருச்சுழிக்கு வந்து பதிகம் பாடிய சுந்தரரை என்ன செய்வீர்கள்?

அவர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். அதை மீறித் திருவாரூருக்குப் புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. வழியில் திருவெண்பாக்கத்தில் நின்று, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டார். உள்ளேயிருந்து வந்த பதில், யாரோ வழிப்போக்கனை அனுப்பி வைப்பது போல இருந்தது. கையில் ஒரு ஊன்றுகோல் கிடைத்தது, பார்வை கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்தில்தான் இடக்கண் தெரிந்தது. அந்த ஒற்றைக் கண்ணோடு ஆரூர் போய், மற்றக் கண்ணுக்காகப் பாடினார். ஏழாம் திருமுறையில் 'மீளா அடிமை' என்று தொடங்கும் பதிகம் அது.

அதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். முதல் பாட்டிலேயே சாமியின் மௌனத்தைத்தான் பிடிக்கிறார். உன்னையே நம்பினவர்கள் உள்ளே வெந்து வந்து சொல்லும்போது நீர் பேசாமல் இருந்தால், நீர் மட்டும் சுகமாக இரும் என்கிறார். கோபித்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறவன் சொல்லும் சொல் அது. பாட்டுக்குப் பாட்டு அதையே சொல்லி முடிக்கிறார். கண் தெரியாதவன் மேட்டில் முட்டிப் பள்ளத்தில் விழுவதையும் சொல்கிறார். பொதுவாகத் 'துன்பம்' என்று சொல்லிப் போகவில்லை. கடைசிப் பாட்டில்கூட நன்றி கிடையாது. என் கண்ணைப் பறித்தது ஊருக்கே தெரியும், பழி உமக்குத்தான் என்று சொல்லித் தன் பெயரையும் போட்டு முடிக்கிறார். வலக்கண் வந்தது பதிகத்துக்குள் இல்லை, சேக்கிழார் பின்னால் சொல்லும் கதையில் இருக்கிறது.

அப்படியானால் நம்பிக்கை எங்கே இருக்கிறது? தொடக்கத்தில் இருக்கிறது. மீட்க முடியாத அடிமை என்று முதலிலேயே தன்னை எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு திட்டுவதெல்லாம் அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு திட்டுவது. இன்னொரு வாசலைத் தேடவில்லை. சாமியைப் பற்றி நம்மிடம் புறணி பேசவும் இல்லை, நேருக்கு நேர் "நீர்" என்று அவரிடமே பேசுகிறார். சந்தேகத்தைச் சாமியைப் பற்றி எழுதினால் அது கட்டுரை. சாமியிடமே சொன்னால் அது பிரார்த்தனை.

"அவர் தம்பிரான் தோழர், பேசலாம். நாம் பேசலாமா?" என்று ஒருவர் கேட்டார். தோழருக்கு மட்டும் உரியது என்றால் அதைத் திருமுறையில் வைத்து ஓதுவார்கள் வாயால் பாட வைப்பானேன்? கண் போகாதவர்களும் பாடத்தானே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இப்போது சிலர் சந்தேகத்தையும் அலங்காரமாக எழுதுகிறார்கள். "நீ கல்லா, கடவுளா" என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே "கருணைக் கடலே". இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சந்தேக வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். பாட்டு கொஞ்சமும் மாறாவிட்டால் அந்தச் சந்தேகம் பொய். என் நாலு வரிக்கும் இதுதான் கதி. அவள் படுத்த படுக்கையாய்க் கிடந்த மூன்று மாதத்தையும் அது ஒன்றுமில்லாமல் ஆக்கியது.

திரும்பி வந்த தாளில் முதலில் இருந்த முடிவு இது:

மாத்திரைச் சீட்டைத்
திருநீற்றுத் தட்டின் கீழ் வைத்துக் கேட்டேன்.
மூன்று மாதமும் நீ வாய் திறக்கவில்லை.
அவள் போய்விட்டாள்.
இப்போதும் பேசாமலே இரு.
நாளை விளக்குக்கு
எண்ணெய் வாங்கி வைத்துவிட்டேன்.

இதில் அருள் என்ற சொல் இல்லை. ஆறுதலும் இல்லை. ஆனால் எண்ணெய் வாங்கியது நிஜம். தினமும் சாயங்காலம் விளக்கு ஏற்றுவதும் நிஜம். என்னால் பொய்யில்லாமல் திரும்பி வர முடிந்த தூரம் அவ்வளவுதான். அடுத்த மலருக்குக் கேட்டால் இதையே கொடுப்பேன். நாலு வரி சேர்க்கச் சொன்னால், தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.